காலியாக இருக்கும் மூலை ஏன் காலியாக இருக்கிறது?

“பிலிம் கேமராவில் படம் எடுத்து, வீட்டு இருட்டறையில் நானே பிரிண்ட் போடுகிறேன். புகைப்படக் கலை பற்றி பாட்காஸ்ட் தொடங்க ஆசை. தேடினால் ஏகப்பட்டவை வந்து நிற்கின்றன. அதிகம் பேர் தொடாத ஒரு சிறிய பகுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?”

நீங்கள் தேடும் மூலை உங்கள் கேள்வியின் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘புகைப்படக் கலை’ ஒரு கடல். ‘பிலிம் புகைப்படம்’ என்று சுருக்கினாலும் பேச்சு கேமரா, லென்ஸ், பழைய மாடல் என்று சுற்றிச் சுற்றித்தான் வரும். இருட்டறையில் பிரிண்ட் போடுவது அப்படியல்ல. அங்கே நிற்பவர் யார், எந்த நேரத்தில் என்ன சந்தேகத்தோடு நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தலைப்பைச் சுருக்குவதைவிடக் கேட்பவரின் அந்த வேளையைப் பிடிப்பதே பயன் தரும்.

ஆனாலும் உடனே மைக்கைத் தொடாதீர்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை, லிசன் நோட்ஸ் மூன்றிலும் தேடுங்கள். நிபுணர் சொற்களை விட்டுவிட்டு, தடுமாறும் ஒருவர் எதைத் தட்டச்சு செய்வாரோ அதைப் போடுங்கள்: ‘பிரிண்ட் சாம்பலாக வருகிறது’, ‘ஃபிக்ஸர் எத்தனை நாள் வரும்’. நீங்கள் பேசப்போகும் மொழியிலும் தேட வேண்டும். ஒரு மொழியில் நெரிசலாக இருப்பது இன்னொன்றில் வெறிச்சோடிக் கிடக்கலாம். வந்த நிகழ்ச்சிகளில் எத்தனை எபிசோட் இருக்கின்றன என்பதோடு, கடைசி எபிசோட் எப்போது வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு எபிசோடோடு நின்று ஓராண்டு கடந்த நிகழ்ச்சி உங்களுக்குப் போட்டியல்ல. அதைக் கேட்டுப் பாருங்கள். சரக்கு தீர்ந்ததா, ஆள் களைத்தாரா என்று பெரும்பாலும் கடைசி இரண்டு எபிசோடிலேயே தெரிந்துவிடும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். யாரும் இல்லை என்றதும் இடம் பிடித்துவிடுகிறார்கள். அந்த இடம் கேட்க ஆளில்லாமல் காலியாக இருக்கலாம். அல்லது அந்த விஷயம் காதுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். முதல் சந்தேகத்தைத் தீர்க்க, இருட்டறைக்காரர்கள் கூடும் குழுக்களில் ஒரு மாதம் வெறுமனே படியுங்கள். ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் ஆள் இருக்கிறது. எப்போதும் அதே நாலு பேர்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றால் யோசியுங்கள்.

இரண்டாவது சந்தேகம்தான் சுவையானது. படத்தைப் பற்றிய விஷயத்தை ஒலியில் எப்படிச் சொல்வது? உங்கள் மூலைக்கு அதிர்ஷ்டம் இங்கேதான். பிரிண்ட் காகிதம் உறையைவிட்டு வெளியே இருக்கும்போது போன் திரையைத் திறந்தால் அதன் வெளிச்சம் பட்டுக் காகிதம் கெட்டுவிடும். வீடியோ பார்க்க வழியே இல்லை. கையும் ஈரம். ஆனால் காது சும்மா இருக்கிறது. திரையை அணைத்துப் போனை வெளியே வைத்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் உள்ளே வைத்தால் போதும். தடிமனான ஃபைபர் காகிதத்தைக் கழுவ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். உங்கள் எபிசோடின் நீளத்தை அந்த நேரத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

அடுத்து, ஒரே அமர்வில் 25 எபிசோட் தலைப்புகள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரே கேள்வியாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ‘ஈரத்தில் சரியாக இருந்த பிரிண்ட், காய்ந்ததும் ஏன் கருக்கிறது?’ ஃபைபர் காகிதம் உலரும்போது சற்றுக் கருமையாவது இயல்பு. அதனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை, ஒரே பிரிண்டை ஈரமாகவும் காய்ந்த பிறகும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இதில் காரணம், சோதனை, நீங்கள் வீணடித்த காகிதங்களின் கதை என்று அரை மணி நேரம் தாராளமாக நிற்கும். ‘சிவப்பு விளக்கு என்றால் என்ன?’ என்பது அப்படியல்ல. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அதை வேறொன்றோடு சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டாவது தலைப்பிலேயே பேனா நின்றால் மூலை அளவுக்கு மீறிக் குறுகிவிட்டது. அப்போது பிலிம் டெவலப் செய்வதையும் சேர்த்து ஒரு படி அகலப்படுத்துங்கள். நாற்பதைத் தாண்டியும் ஓடினால் இன்னும் நறுக்கலாம்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விளம்பரக் கட்டணம் பொதுவாக ஆயிரம் கேட்புகளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்படுகிறது. இருநூறு பேர் கேட்கும் நிகழ்ச்சிக்கு அது கைச்செலவுக்கும் காணாது. அந்த இருநூறு பேரில் பத்துப் பேர் கேள்வி எழுதி அனுப்பினால் அதுவே நல்ல அறிகுறி.

பெயரில் கவித்துவம் வேண்டாம். ‘நிழலின் மொழி’ என்று வைத்தால் தேடுகிறவருக்கு அகப்படாது. ‘இருட்டறை’, ‘பிரிண்ட்’ என்ற இரண்டு சொற்களும் பெயரிலேயே இருக்கட்டும். மூன்று எபிசோடைப் பதிவு செய்து முடித்த பிறகு முதலாவதை வெளியிடுங்கள். மூன்றாவதைப் பதிவு செய்யும்போதே சலித்துவிட்டால் பெயர் வைக்கிற வேலையும் மிச்சம்.