ஒரே கையில் இரண்டு அளவீடுகள்

ஒரே நோயாளியின் குருதியமுக்கத்தை நானும் தாதியும் அளந்தபோது வேறு வேறு அளவு வந்தது ஏன்?

முதலில் பட்டியைப் பாருங்கள். அதனுள் இருக்கும் காற்றுப்பை மேற்புயச் சுற்றளவின் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும். பை சிறிதானால் நாடியை அழுத்தி மூடக் கூடுதல் அமுக்கம் தேவைப்பட்டு, அளவீடு பொய்யாக உயரும்.

கொழும்பில் நான் பயிற்சி பெற்ற கிளினிக்கில், புயச் சுற்றளவு 36 சென்ரிமீற்றர் உள்ள அம்மா ஒருவருக்கு 29 சென்ரிமீற்றர் பை தேவைப்பட்டிருக்க, 23 சென்ரிமீற்றர் பையைக் கட்டி, கையை மடியிலேயே விட்டு, 154/96 என்று எழுதிவிட்டேன். அவரை ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருக்கச் செய்து, பெரிய பட்டியைச் சட்டைக்கு மேலன்றி வெறும் புயத்தில் கட்டி, மேசையில் தாங்கிய புயத்தின் நடுப்பகுதி மார்பெலும்பின் நடு உயரத்துக்கு வரும்படி வைத்தபோது 136/84 வந்தது. பட்டி இதய மட்டத்தைவிட 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் இரசம் கூடிவிடும்.