நோவு வராத நெஞ்சு

கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவில் 26 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டொக்டர் இல்லை. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ நான் சொல்ல மாட்டேன், அதைக் கேட்கவும் வேண்டாம். நெடுங்காலச் சீனி வருத்தக்காரருக்கு நோகாமல் வரும் மாரடைப்பைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

மிஸ், அப்பாவுக்கு 67 வயசு, 20 வருஷமா சீனி. கண் ஒப்பரேஷனுக்கு முன்னம் எடுத்த ஈசிஜியில "பழைய அட்டாக்" எண்டு சொல்லிப்போட்டினம். அப்பா ஒரு நாளும் நெஞ்சு நோகுதெண்டு சொன்னதில்லை. பிழையா எழுதிட்டினமோ? (வெள்ளவத்தை)

பிழையாகவும் இருக்கலாம். ஈசிஜியில் பழைய தழும்பைக் காட்டும் ஆழமான கியூ அலை வேறு காரணங்களாலும் வரும், கம்பிகளை இடம் மாற்றி ஒட்டினாலும் வரும். அதனால் இருதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ செய்து பாருங்கள். இருதயச் சுவரின் ஒரு பகுதி மெலிந்து, மற்ற இடம் சுருங்கும்போது அது மட்டும் சும்மா நின்றால், அப்பாவுக்கு அட்டாக் வந்து போனது உண்மைதான்.

சத்திரசிகிச்சைக்கு முன் எடுக்கும் ஈசிஜியில் இப்படித் தெரியவருவது புதுமையே இல்லை. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே கண்ட மாரடைப்புகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று வந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் பிறகு ஈசிஜியில்தான் அகப்பட்டது. அவர்கள் எல்லாரும் சீனி வருத்தக்காரரும் அல்லர்.

அப்பாவிடம் "நெஞ்சு நொந்ததா" என்று கேட்காதீர்கள். "எப்பவாவது காரணமில்லாமல் இரண்டு மூன்று நாள் ஏலாமல் கிடந்தீங்களா, படி ஏற முட்டினதா" என்று கேளுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். அநேகமாக அம்மாவுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். சீனி நரம்பைக் கொல்லும், ஆகவே சீனி உள்ளவனுக்கு மாரடைப்பில் நோவு வராது. இதுதானே சங்கதி?

பாதி சரி, மாஸ்டர். சீனி வருத்தம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு நோகத்தான் செய்யும். "எனக்குச் சீனி, எனக்கு நோகாது" என்று நினைத்து நோவை வாயு என்று தள்ளிவிடுபவர்களையும் கண்டிருக்கிறேன்.

நரம்புப் பக்கத்தை இப்படிப் பாருங்கள். இருதயத் தசைக்குள் மிக மெல்லிய நரம்பு நுனிகள் இருக்கின்றன. இரத்தம் நின்றதும் தசையில் அமிலமும் வேறு சில இரசாயனங்களும் தேங்கி அந்த நுனிகளைச் சுரண்டும். செய்தி அங்கிருந்து மேல்முதுகு மட்டத்தில் முள்ளந்தண்டுக்குள் போகும். இடது கையின் உட்பக்கத்தில் இருந்து வரும் நரம்புகளும் அதே இடத்தில்தான் நுழைகின்றன. மூளைக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது, அதனால்தான் இருதயம் தவிக்கும்போது கை நோகிறது.

சீனி பல வருடம் கூடியே இருந்தால் நரம்புக்குச் சோறு போடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்து அடைபடும். நரம்பு இழைகளுக்குள்ளும் சீனி கேடு செய்யும். மெல்லிய இழைகளும் நீளமானவையும் முதலில் போகும். காலில் விறைப்பு பெருவிரலில் தொடங்குவதும் அதனால்தான். இருதயத்தில் அந்த இழைகள் குறைந்துவிட்டால், தசை சாகிற நேரத்தில் முழு நோவுக்குப் பதிலாக ஒரு பாரம், ஒரு அந்தரம் மட்டும் மேலே போய்ச் சேரும். சிலருக்கு அதுவும் இல்லை.

ஆனால் இது முழு விளக்கம் இல்லை. நரம்பு நல்லாக இருப்பவர்களுக்கும் நோகாமல் அட்டாக் வருகிறது. மூளை நோவை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது.

அப்ப நரம்பு செத்தவனுக்கு இருதயம் எப்படித் துடிக்கிறது? வேர்ப்பது எப்படி? (அதே ஆசிரியர்)

விடமாட்டீர்கள் போல. இருதயம் துடிக்க வெளி நரம்பு தேவையில்லை, தாளம் அதற்குள்ளேயே பிறக்கிறது. வெளி நரம்புகள் அந்தத் தாளத்தைக் கூட்டிக் குறைப்பவை மட்டுமே. வேர்வைக்கு வேறு இழைகள், அவை தோலுக்குப் போகின்றன. எல்லா இழையும் ஒரே நாளில் போவதில்லை. காலில் வேர்வை வற்றி, முகத்திலும் நெஞ்சிலும் மட்டும் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் காலில விறைப்பில்லை, இரவில எரிவுதான். உணர்வு கூடத்தானே இருக்கு? அப்ப எனக்குப் பயமில்லை. (தெகிவளை)

ஐயா, அந்த எரிவும் அதே நரம்பு வருத்தம்தான். பழுதாகும் இழை சும்மா சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். எரியும் காலிலேயே நைலோன் இழையால் தொட்டால் தெரியாதவர்கள் உண்டு. கிளினிக்கில் காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காலில் இருந்தால் இருதய நரம்பிலும் கட்டாயம் இருக்கும் என்றில்லை, ஆனால் சந்தேகப்பட வேண்டியவர் நீங்கள்.

அக்கா, இவருக்கு விடிய வேர்த்தால் நான் உடனே சீனித் தேத்தண்ணி குடுப்பன். சீனி இறங்கினாலும் வேர்க்கும், அட்டாக்கிலும் வேர்க்கும் எண்டால் வீட்டில எப்படிக் கண்டுபிடிக்கிறது? (கொட்டாஞ்சேனை)

இதற்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். எனக்கு மறக்காத ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 61 வயது, புறக்கோட்டையில் கடை, 18 வருடச் சீனி. ஒரு வெள்ளிக்கிழமை விடிய நாலு மணிக்கு முன் எழும்பியிருக்கிறார். பெனியன் நனையக் குளிர் வேர்வை, ஒருமுறை சத்தி. நெஞ்சு நோவு துளியும் இல்லை. மனைவி உங்களைப் போலவே சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் குளுக்கோமீட்டர் ஞாபகம் வந்தது. குத்திப் பார்த்தால் 291. "சரி, சீனி ஏறிட்டுது, இனிப் பரவாயில்லை" என்று படுத்துவிட்டார்கள்.

அந்த 291தான் அவர்களுக்குக் கிடைத்த தடயம். 70க்குக் கீழே கிடந்த சீனி ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் ஐந்து நிமிடத்தில் அங்கே போகாது. ஆக, வேர்த்த நேரத்திலும் சீனி உயரத்தில்தான் இருந்திருக்கிறது. வேர்வைக்குக் காரணம் வேறு. மாரடைப்பின் அதிர்ச்சியில் உடம்பு சுரக்கும் ஓமோன்களே சீனியை ஏற்றிவிடும், அதனால் காரணமில்லாமல் திடீரென்று ஏறிய சீனியும் ஓர் அறிகுறிதான்.

சனிக்கிழமை கடைக்குப் போனார், மாடிப்படியில் மூச்சு முட்டியது. ஞாயிறு இரவு படுக்க ஏலவில்லை, மூன்று தலையணை வைத்து இருந்தபடி விடிந்தது. எங்களிடம் வரும்போது நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. ஈசிஜியில் முன்சுவர் முழுக்கக் கியூ அலை. இருதயத் தசை சாகும்போது இரத்தத்தில் கலக்கும் ட்ரொபொனின் மூன்றாம் நாளும் கூடத்தான் இருந்தது. எக்கோவில் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 35 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அடைத்த குழாயைத் திறந்து தசையைக் காப்பாற்றும் முதல் மணித்தியாலங்கள் வெள்ளிக்கிழமையோடே போய்விட்டன.

பிறகு அவருடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றரை வருடமாக, உட்கார்ந்திருக்கும்போது நாடி 98, 102, 100. கட்டிலால் எழும்பத் தலைச்சுற்று என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. இருதயத்தை மெதுவாக்கும் நீண்ட நரம்பு முதலில் பழுதாவதால் நாடி இப்படி உயரத்தில் நின்றுவிடும். எழும்பும்போது பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகள் பழுதானால் தலை சுற்றும். ஒருவரும் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே வேர்த்தால் முதலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் இனிப்புக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பக் குத்துங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் இனிப்பைக் கொடுத்துவிட்டே தேடுங்கள், அதில் பிழையில்லை. சீனி சரியாகவோ கூடவோ இருந்து குளிர் வேர்வை, சத்தி, மூச்சு முட்டல், திடீர் ஏலாமை இருந்தால் அதை மாரடைப்பு என்றே எடுத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி ஏறிய பிறகும் வேர்வை நிற்காவிட்டாலும் அப்படித்தான். அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக்கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் சப்பிச் சாப்பிடக் கொடுக்கலாமா என்று அந்த அழைப்பிலேயே கேளுங்கள். த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மிஸ், நான் பிரஷருக்கு அட்டெனொலோல் குளிசை போடுறன். அது அறிகுறியை மறைக்குமோ?

சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். வேர்வையை மறைக்காது. நாடியையும் அது இறக்கிவிடுவதால், மேலே சொன்ன நாடிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வருத்தம் ஒண்டும் இல்லாட்டிலும் வருஷா வருஷம் ட்ரெட்மில் செய்தால் பிடிக்கலாம்தானே? என்ட மச்சானுக்கு அப்பிடித்தான் பிடிச்சது. (மட்டக்குளி)

மச்சானுக்கு நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதை ஆராய்ந்து பார்த்தார்கள், முடிவு 2009இல் வந்தது. அறிகுறி இல்லாத 1,123 சீனி வருத்தக்காரரில் ஒரு பாதியை இருதய ஸ்கானுக்கு அனுப்பினார்கள், மறுபாதியை அனுப்பவில்லை. ஸ்கான் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒளிந்திருந்த இரத்தக் குறைவு தெரிந்தது. ஆனாலும் ஐந்து வருடத்தில் மாரடைப்பிலும் இருதயச் சாவிலும் இரண்டு பாதிக்கும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. அந்த ஆட்களுக்குக் கொலஸ்ட்ரோல், பிரஷர் மருந்துகள் நல்லாகக் கொடுக்கப்பட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

என்னுடன் வேலை செய்த இரண்டு இருதய டொக்டர்மாரே இதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எல்லாருக்கும் வேண்டாம் என்பார். மற்றவர் காலில் விறைப்பு, சிறுநீரில் புரதம், உயர்ந்தே நிற்கும் நாடி இருப்பவர்களையாவது தேடிப் பார்க்க வேண்டும் என்பார். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் படி ஏறப் புதிதாக முட்டினால் அது அறிகுறி, அப்போது இந்த வாக்குவாதமே இல்லை.

அக்கா, இனிச் சீனியைக் கட்டுப்படுத்தினால் செத்த நரம்பு திரும்புமா? (வெள்ளவத்தை, அப்பாவுக்காகக் கேட்ட அதே மகள்)

20 வருடத்துக்குப் பிறகு பெரிதாகத் திரும்புவதை நான் காணவில்லை. சிறு வயதில் தொடங்கும் வகைச் சீனியில், ஆரம்பம் முதல் இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இந்த நரம்புப் பழுது குறைவு என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அப்பாவின் வகையில் பலன் அவ்வளவு தெளிவில்லை. அதோடு நெடுநாள் சீனியுள்ள வயதானவருக்கு மிகவும் இறுக்கினால் சீனி இறங்கிவிடும் ஆபத்து வேறு.

அவருடைய கண் ஒப்பரேஷனுக்கு முன் எக்கோ முடிவை மயக்க மருந்து டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். எழும்பினால் தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள், படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் 20 இறங்கினால் அதைக் கிளினிக் புத்தகத்தில் எழுதுவித்து வாருங்கள்.