சூப்பர்வைசர் வேலைக்கு என்ன பதில் எழுதுவது?

அன்புள்ள ஆச்சிக்கு,

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பாரம்பரிய ஹோட்டலில் உதவி மேலாளராக இருக்கிறேன். வரவேற்புப் பகுதி முழுவதும் என் பொறுப்பு. பிடித்தம் போக 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. காரைக்குடியில் சொந்த வீடு. சாப்பாடு பெரும்பாலும் ஹோட்டலிலேயே. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஆள் தேடும் கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண்மணி மெயில் அனுப்பியிருக்கிறார். வரவேற்பில் சூப்பர்வைசர் பதவி, ஆண்டுக்கு 5.4 லட்சம் சி.டி.சி. பதவி ஒரு படி இறக்கம். சம்பளமும் நான் நினைத்த அளவு இல்லை. ஆனாலும் அந்த ஹோட்டலில் சேர ஆசை இருக்கிறது. மனைவியும் மகளும் இப்போதைக்கு இங்கேயே இருப்பார்கள். வேண்டாம் என்று எழுதினால் அதோடு போய்விடும், சரி என்றால் அந்தச் சம்பளத்துக்கே ஒப்புக்கொண்டது போலாகும். என்ன எழுதட்டும்?

ச., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு மெயில் அனுப்பிய பெண்மணிக்கு உங்கள் சம்பளத்தை முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. ஹோட்டல்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் என்பதால், அவருடைய கணக்கைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நீங்கள் வேலையில் சேர்ந்தால் ஹோட்டல் அவருடைய நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 5.4 லட்சத்துக்குச் சேர்ந்தால் 45,000 ரூபாய். நீங்கள் பேசிப் பேசி 6 லட்சமாக ஏற்றினால் 50,000. உங்களுக்கு ஆண்டுக்கு 60,000 கூடும்போது அவர்களுக்குக் கூடுவது 5,000 மட்டும். அந்த ஐயாயிரத்துக்காக, வரவிருக்கும் நாற்பத்தைந்தாயிரத்தை அவர் ஆபத்தில் விடமாட்டார். அவர் உங்களுக்கு எதிரி இல்லை, வக்கீலும் இல்லை. சேரமாட்டார் என்று தோன்றினால் உங்களை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சேருவார், ஆனால் இன்னின்னது வேண்டுமாம் என்று தெரிந்தால், அதை மேலே கொண்டுபோய்க் கேட்பார்.

ஆகவே உங்கள் பதிலைப் படிக்கப்போவது இரண்டு பேர். கன்சல்டன்சிப் பெண்மணி ஒருவர். அவர் அப்படியே அனுப்பிவைக்கும் ஹோட்டல் மேலாளர் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளை மனத்தில் வைத்து எழுதுங்கள். அவர் உங்களைப் பார்த்ததில்லை. "சம்பளம் போதாது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு, எதற்காக என்று எழுதினால் அதை எடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவிடம் போவார்.

சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வருவது அல்ல. எழுதும் முன் அந்த 5.4 லட்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிவு விவரம் கேளுங்கள். கேட்பது உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையில் விவரம் வரும்வரை வழக்கமான ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு, அதாவது 54,000, வேலைத்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் கொடுப்பதாக இருக்கும்; வரலாம், குறையலாம். அடிப்படைச் சம்பளம் மாதம் 18,000 என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 12 விழுக்காடு, மாதம் 2,160. பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காட்டையும் சி.டி.சி.யிலேயே சேர்த்துக் காட்டுவார்கள். பல வருடம் இருந்து விலகினால்தான் அந்தப் பணம் உங்களுக்கு. இவை போக மாதச் சம்பளம் 37,500 அளவில் நிற்கும். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 2,160 போனால் கையில் 35,300. தொழில் வரி தனி.

இன்றைய 31,000க்கு இது நாலாயிரம் கூடுதல் என்று தோன்றும். ஆனால் இங்கே நீங்கள் வாடகை கொடுக்கவில்லை. சென்னையில் ஒரு சின்ன வீட்டுக்கு 12,000, மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக, கைச்செலவுக்கு என்று 3,000 வைத்தாலும், இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்க 46,000 கையில் வர வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அதைச் சம்பளமாகவே நிரப்பச் சொன்னால் சி.டி.சி. 7 லட்சத்தைத் தொட வேண்டும். சூப்பர்வைசர் நிலைக்கு அந்த ஹோட்டல் அவ்வளவு கொடுக்காது. அந்த நிலைக்கென்று ஒரு உச்சவரம்பு வைத்திருப்பார்கள்; மேலாளர் விரும்பினாலும் அதைத் தாண்ட முடியாது.

இங்கேதான் ஹோட்டல் தொழிலில் இருப்பவருக்கு ஒரு வசதி. பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் ஊழியர் விடுதி உண்டு. அதில் ஒரு படுக்கை கிடைத்துவிட்டால் அந்தப் பன்னிரண்டாயிரம் கணக்கிலிருந்தே போய்விடும். நீங்கள் தனியாகத்தான் போகிறீர்கள் என்பது இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகம். அப்போது 34,000 வந்தாலே இன்றைய நிலை. 6 லட்சத்தில் கையில் 39,000, 6.6 லட்சத்தில் 43,000 வரும். விடுதி இல்லாத 6.6 லட்சத்தைவிட, விடுதியோடு கூடிய 6 லட்சம் உங்களுக்கு மேல். இதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், எழுத வேண்டியதில்லை.

பதவி விஷயத்தில் ஒன்று சொல்வேன், வருத்தப்படாதீர்கள். பதினைந்து இருபது அறைகள் உள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டில் உதவி மேலாளராக இருப்பதும், இருநூறு அறைகள் உள்ள நகர ஹோட்டலில் அதே பெயரில் இருப்பதும் ஒன்று என்று அவர்கள் கருதமாட்டார்கள். அது அவமானம் இல்லை, அளவு வேறு. ஆனால் சூப்பர்வைசருக்கும் உதவி மேலாளருக்கும் நடுவில் டியூட்டி மேனேஜர் என்று ஒரு நிலை இருக்கிறது. அதைக் கேளுங்கள். சம்பள வரம்பு பதவி நிலையோடு கட்டப்பட்டது. நிலை ஒரு படி ஏறினால் வரம்பும் தானே ஏறும். நிலையைத் தொடாமல் பணத்தை மட்டும் கேட்பவருக்குச் சில ஆயிரங்களுக்கு மேல் கிடைப்பது அபூர்வம்.

அதற்கு ஆதாரம் உங்கள் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி சீசனில் பிரெஞ்சுக் குழுக்கள் வரும்போது, டூர் நிறுவனத்தின் பட்டியலில் ஓர் அறை குறைந்திருப்பதை நள்ளிரவில் கண்டுபிடித்துச் சரிசெய்பவர் யார்? வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பொறுப்பாளி யார்? மேலாளர் ஊரில் இல்லாத நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுப்பவர் யார்? உங்கள் ஹோட்டலில் இதெல்லாம் நீங்கள்தான் என்றால், டியூட்டி மேனேஜர் செய்யும் வேலை அதுதான். "அனுபவம் மிக்கவன்" என்று எழுதாதீர்கள். இவற்றில் இரண்டை எழுதுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பேரம் பார்த்திருப்பீர்கள். எனாமல் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே விலை கேட்பவரிடம்தான் கடைக்காரர் பேசுவார். கீழே வைத்துவிட்டுக் கேட்பவரிடம் அவருக்கு அவசரமில்லை. உங்கள் கடிதத்திலும் ஆசை முதல் வரியிலேயே தெரியட்டும். ஏறக்குறைய இப்படி:

"தங்கள் மெயிலுக்கு நன்றி. இந்த ஹோட்டலில் பணியாற்ற எனக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது. நேர்காணலுக்கு வரத் தயாராக இருக்கிறேன். தற்போது உதவி மேலாளராக வரவேற்புப் பகுதியை முழுவதும் கவனிக்கிறேன். வெளிநாட்டுக் குழுக்களின் வருகை, அவர்களுக்கான அரசுப் பதிவு, மேலாளர் இல்லாத நாட்களில் விருந்தினர் புகார்களின் மீதான முடிவு ஆகியவை என் பொறுப்பு. எனவே டியூட்டி மேனேஜர் நிலைக்கு என்னைப் பரிசீலிக்க முடியுமா என்று கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். அந்த நிலையில் ஆண்டுக்கு 6.6 லட்சமும் ஊழியர் விடுதியும் எதிர்பார்க்கிறேன். குடும்பம் காரைக்குடியில் இருப்பதால், மாதத்தில் இரண்டு முறை வார விடுமுறைகளைச் சேர்த்து இரண்டு நாளாக எடுக்க வழி இருந்தால் உதவியாக இருக்கும். 5.4 லட்சத்தின் பிரிவு விவரத்தையும் அனுப்ப முடியுமா? என் தற்போதைய வேலையின் முன்னறிவிப்புக் காலம் இவ்வளவு நாள்."

இவ்வளவு போதும். அவர்கள் எந்த மொழியில் எழுதினார்களோ அதே மொழியில் அனுப்புங்கள். விடுமுறையைச் சேர்த்துக் கேட்பதை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு ஹோட்டலுக்குக் காசு செலவில்லை. பணியாளர் அட்டவணை போடுபவர் தலையசைத்தால் முடிந்தது. உங்களுக்கோ, பல்லவன் ரயிலில் வந்து மகளோடு ஒரு முழு நாள் இருப்பதா, வந்த காலோடு திரும்புவதா என்பது அதில்தான் இருக்கிறது.

எழுதக் கூடாதவையும் உண்டு. இன்னொரு ஹோட்டலில் கூப்பிடுகிறார்கள் என்று இல்லாததைச் சொல்லாதீர்கள்; "அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்" என்பார்கள். இப்போதைய சம்பளத்தை ஏற்றிச் சொல்வதும் வேண்டாம். கடைசியில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், அங்கே பிடிபட்டால் வேலையும் போகும், பெயரும் போகும். வாடகை, மகளின் படிப்பு, வீட்டுக் கடன் இவற்றைக் காரணமாக எழுத வேண்டாம். மேலாளர் சம்பளத்தை ஏற்றுவது உங்கள் செலவுக்காக அல்ல.

பதில் எப்படி வந்தாலும் அதிலிருந்து நிலைமை தெரிந்துவிடும். பிரிவு விவரத்தை அனுப்பி, எப்போது சேர முடியும் என்று திரும்பக் கேட்டால் பேச்சு உயிரோடு இருக்கிறது. "பார்த்துச் சொல்கிறோம்" என்று மட்டும் வந்தால் நான்கைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். "முதலில் நேர்காணலுக்கு வாருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றால் போகலாம், தவறில்லை. போகும் முன், நேர்காணலுக்குப் பிறகு நிலை மாற வாய்ப்பு உண்டா என்று மெயிலில் கேட்டுவையுங்கள். தொலைபேசியில் "5.4 உங்களுக்குச் சரிதானே?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். "மெயிலில் எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மரியாதைக்காகச் சொல்லும் ஒரு "சரிங்க" உங்கள் கடிதம் முழுவதையும் அழித்துவிடும்.

நிலையை மாற்ற முடியாது, 5.7 வரை தருகிறோம் என்று வந்தால்? விடுதியும் சேர்ந்திருந்தால், ஆறு மாதத்தில் டியூட்டி மேனேஜர் நிலைக்கு மறுபரிசீலனை என்பதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்பவர் அந்த ஆறாவது மாதத்தில் அங்கே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹோட்டலில் மேலாளர்கள் மாறும் வேகம் உங்களுக்கே தெரியும். விடுதி இல்லை என்றால் 5.7 உங்களுக்கு நட்டம்தான். அப்போது நன்றி சொல்லி, டியூட்டி மேனேஜர் இடம் காலியாகும்போது அழைக்கச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். அதே பெண்மணி வேறு ஹோட்டல்களுக்கும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

விடுதி, விடுமுறை, சம்பளப் பிரிவு மூன்றும் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை கானாடுகாத்தானில் ராஜினாமா பற்றி மூச்சு விடாதீர்கள்.

அன்புடன்,
ஆச்சி