அப்பாவின் சீட்டுப் பணத்தை ஃபண்டுக்கு மாற்றச் சொல்லி எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்கு 28 வயது, பெங்களூரில் வேலை. அப்பாவுக்கு 57. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் இரண்டு சீட்டு, இரண்டிலும் 18 மாதம் கட்டியாச்சு, இன்னும் 7 மாதம் இருக்கு. எப்பவும் கடைசியில்தான் எடுப்பார். இதை மியூச்சுவல் ஃபண்டுகளில் பிரித்துப் போடச் சொன்னால் சண்டைதான் வருகிறது, அதனால் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன எழுதட்டும்?

பதில்: முதலில், "சீட்டு ஏமாற்று வேலை" என்று எழுதி வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். வெள்ளி வாங்கத் திடீரென்று மொத்தமாகப் பணம் வேண்டியவருக்குச் சீட்டு என்பது அடமானம் கேட்காத வங்கி மாதிரி, இத்தனை வருஷம் பட்டறை ஓடியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். அதனால் இரண்டையும் விடச் சொல்லாதீர்கள். தொழிலுக்கு ஒன்று இருக்கட்டும், கடைசி வரை காத்திருந்து சேமிப்பாக எடுக்கும் இன்னொன்றைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அதற்கு முன்னால் சீட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கமிஷன் 5 சதவீதமா 7 சதவீதமா என்று அதில் இருக்கும் (பதிவு செய்த சீட்டுக்கு 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு 7). இந்த இரண்டு சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும், கணக்குப் போட்டால்தான் தெரியும். 25 பேர், மாதம் 20,000, 25 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒருவர் ஏலத்தில் 1,50,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, மீதி 3,50,000 எடுக்கிறார். கமிஷன் 5 சதவீதம் என்றால் அந்தத் தள்ளில் 25,000 கமிஷனுக்குப் போக, மீதி 1,25,000 ரூபாய் 25 பேருக்கும் ஆளுக்கு 5,000 வீதம் பிரியும், அப்பா 15,000 கட்டினால் போதும். மாதாமாதம் தள்ளு குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் கமிஷனோடு நின்றுவிட்டால், அப்பா கட்டியது மொத்தம் 4,37,500, கையில் வருவது 4,75,000. லாபம் 37,500. கட்டிய பணம் சராசரியாக ஒரு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வெளியே இருந்தது என்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம், மோசமில்லை. இதே சீட்டில் கமிஷன் 7 என்றால்? கட்டியது 4,42,500, வருவது 4,65,000, லாபம் 22,500தான், ஆண்டு வருமானம் 5 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். கமிஷன் லாபத்தின் மேல் இல்லை, ஒவ்வொரு மாதமும் முழு 5 லட்சத்தின் மேல் எடுக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அடி. சீட்டு பதிவுத்துறையில் பதிவானதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பதிவாகாததாக இருந்தால், சதவீதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த சீட்டு வேண்டாம்.

நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் கட்டிய பணம் உடனே வராது, பிடித்தம் வேறு இருக்கும். ஏழு மாதமும் கட்டி முடிக்கட்டும்.

கடிதம் இப்படி இருந்தால் அவர் படிப்பார் என்று நினைக்கிறேன்:

"அப்பா, பட்டறைச் சீட்டு அப்படியே ஓடட்டும், அதில் நான் தலையிடவில்லை. இன்னொன்றின் கணக்கை மட்டும் இந்தத் தாளின் பின்பக்கம் போட்டிருக்கிறேன், ஒரு தடவை பாருங்கள். அது முடிந்து 4,75,000 வந்ததும் 1,25,000 வங்கியில் டெபாசிட்டாக இருக்கட்டும், அவசரத்துக்கு. 1,70,000 அரசுக்கும் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்து வட்டி வாங்கும் குறுகிய காலக் கடன் ஃபண்டில். மீதி 1,80,000 சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் முதலில் இருக்கும், அங்கிருந்து மாதம் 15,000 வீதம் ஒரு வருஷத்தில், 500 கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போடும் நிஃப்டி 500 இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகும், நீங்கள் சீட்டு கட்டுகிற மாதிரியேதான். எல்லாம் உங்கள் பெயரில், நாமினி அம்மா. இண்டெக்ஸ் ஃபண்ட் விழும் அப்பா, 2020 ஜனவரியில் 12,300 தாண்டியிருந்த நிஃப்டி 50 குறியீடு மார்ச்சில் 7,600க்கு வந்தது. அதனால் அந்தப் பணத்தை ஏழு வருஷத்துக்கு நாம் தொடக் கூடாது."

விழும் என்ற வரியைக் கூச்சப்பட்டு எடுத்துவிடாதீர்கள். முதல் சரிவு வரும்போது "நீ சொல்லவே இல்லையே" என்பார், அன்றைக்கே எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீட்டுக்குத் திரும்பிவிடுவார். இண்டெக்ஸ் ஃபண்டில் போடும் தொகையை 1,00,000 ஆகக் குறைக்கச் சொன்னால் சரி என்று விட்டுவிடுங்கள், அவர் தூக்கம் கெடாத அளவுதான் கணக்கு.

அப்புறம் ஒன்று, பழைய சீட்டு முடிகிற வாரத்திலேயே சீட்டுக்காரர் புதுக் குழுவுக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார். கடிதம் மீதியுள்ள ஏழு மாதத்தில் ஐந்தாவது மாதத்துக்குள் அப்பா கைக்குப் போய்விட வேண்டும்.