பகல் சாப்பாட்டு மணிக்கு முடியும் கூட்டம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்துக்கு முடிய வேண்டும், ஏழாகிவிடுகிறது. ஒன்பது பேரும் தங்கள் செக்‌ஷன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அப்புறம் கேன்டீன் டீயைப் பற்றிப் பேசுவோம். முக்கியமான ஆர்டர் விஷயம் வரும்போது முதலாளி போனில் இருப்பார், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று கலைந்துவிடுவோம். ஒரு நல்ல வழி சொல்லுங்களேன். (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: முதலில் கூட்டத்தைச் சனிக்கிழமையிலிருந்து எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பள நாள். பாதிப் பேர் மனசு சம்பளக் கவரில் இருக்கும். எடுத்த முடிவும் ஞாயிறு முழுக்கத் தூங்கி, திங்கட்கிழமை பாதி மறந்துபோன நிலையில்தான் எழும். வியாழக்கிழமை 11 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்கு முடியுங்கள். முடிவைச் செயல்படுத்த வெள்ளியும் சனியும் கையில் இருக்கும். ஒரு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும் என்பதும் ஒரு வசதி. மாலையில் முடியும் கூட்டத்துக்குப் பின்னால் வெறும் இரவுதான் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அப்படி நீட்ட முடியாது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிடம். போன வார முடிவுகள் நடந்தனவா என்று கேட்க 5, நடுவில் டீக்கு 10, கடைசியில் எடுத்த முடிவுகளை வாசிக்க 10, எதிர்பாராமல் இழுக்கும் பேச்சுக்காகக் கைவசம் 15 என்று ஒதுக்குங்கள். மீதி 80 நிமிடம். ஒன்பது பேரும் ஆளுக்குப் பத்து நிமிடம் செக்‌ஷன் நிலவரம் சொன்னால் அதுவே 90 நிமிடம். ஆக, நிலவரத்தை வாயால் சொல்லும் கூட்டத்தில் முடிவெடுக்க இடமே கிடையாது. உங்கள் ஆட்களின் குற்றம் இல்லை இது, கணக்கே அப்படி. எத்தனை பீஸ் தைத்தோம், எத்தனை ரிஜெக்ட் என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் புதன் மாலை 4 மணிக்குள் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பட்டும். வாட்ஸ்அப் போதும். கூட்டத்தில் அதை யாரும் திரும்பச் சொல்லக் கூடாது, சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.

அந்த 80 நிமிடத்தில் மூன்று விஷயங்களுக்குத்தான் இடம். நான்காவதைச் சேர்க்கக் கை பரபரக்கும், சேர்க்காதீர்கள். இந்த மூன்றையும் தலைப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். "நேவி ப்ளூ ஆர்டர்" என்று எழுதினால் அதைப் பற்றி யாரும் எதுவும் பேசலாம். "ஷேட் மாறி வந்த 4,000 பீஸை என்ன செய்யப் போகிறோம்? முடிவு: முதலாளி. 35 நிமிடம்" என்று எழுதினால் பேச்சு எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முடிவு யாருடையது என்ற அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் நான் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் நிறையக் கூட்டங்கள் வீணாயின. ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பேசி எல்லோரும் ஒத்துப்போனோம். பார்த்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று லீவு.

இந்த 4,000 பீஸையே எடுத்துப் பார்ப்போம். 12,000 டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நேவி ப்ளூ மட்டும் டையிங்கிலிருந்து ஷேட் மாறி வந்திருக்கிறது, மறுபடி சாயம் போட்டால் பத்து நாள் தள்ளும். வழிகள் மூன்று. பையரிடம் பத்து நாள் கேட்டு மொத்தத்தையும் தாமதமாக அனுப்பலாம். அல்லது 8,000 பீஸைச் சொன்ன தேதியில் கப்பலில் ஏற்றிவிட்டு 4,000 பீஸை அப்புறம் விமானத்தில் அனுப்பலாம். இல்லை, வந்த ஷேடையே ஏற்றுக்கொள்ளும்படி விலை குறைத்துப் பேசிப் பார்க்கலாம். இதில் விமானத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் யாராலும் முடிவு சொல்ல முடியாது. உங்கள் "அடுத்த வாரம் பார்க்கலாம்" பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். முதலாளி தயங்குகிறார் என்று நாம் நினைப்போம், உண்மையில் அவர் கையில் எண் இருக்காது.

அதனால் அந்த ஆர்டரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் புதன்கிழமையே ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டும். ஒரு பீஸ் 180 கிராம் என்றால் 4,000 பீஸ் 720 கிலோ, அட்டைப்பெட்டியோடு 800 கிலோ பக்கம் வரும். பெட்டியின் அளவை வைத்துப் போடும் எடை இதைவிடக் கூடுதலாக வந்தால் விமானத்தில் அதற்குத்தான் கட்டணம். ஆகவே சரக்கு ஏஜென்ட்டிடம் பெட்டி அளவையும் கொடுத்து, ரேட்டை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவு, பத்து நாள் தாமதத்துக்குப் பையர் கேட்கக்கூடிய தள்ளுபடி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி வரியில் "என் யோசனை இது" என்று எழுதியவரே ஒரு பக்கம் சாய வேண்டும். குறிப்பு நான்கு மணிக்குள் வரவில்லையா, அந்த விஷயம் இந்த வாரம் இல்லை. முதல் தடவை இது கடுமையாகத் தெரியும், அடுத்த புதன் குறிப்பு மூன்றரைக்கே வந்துவிடும்.

கூட்டத்தில் இந்த 35 நிமிடத்தை இப்படிச் செலவழியுங்கள். முதல் 5 நிமிடம் எல்லோரும் வாய் திறக்காமல் குறிப்பை வாசிக்கட்டும். "நேற்றே படித்துவிட்டேன்" என்று சொல்பவரும் வாசிக்கட்டும், அவர் படித்திருக்க மாட்டார். அடுத்த 5 நிமிடம் புரியாததைக் கேட்க மட்டும். அப்புறம் 10 நிமிடம் ஒரு சுற்று: எந்த வழி, ஏன், ஆளுக்கு ஒரு நிமிடம். இதில் வயதிலும் பதவியிலும் சின்னவர் முதலில், முதலாளி கடைசியில். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், உதாரணமாக மீதி நேவி துணி ஸ்டோரில் எவ்வளவு கிடக்கிறது என்பது, வெளியே வராமலே போய்விடும். அதன்பின் 10 நிமிடம் விவாதம். கடைசி 5 நிமிடம் முடிவைச் சொல்லவும் எழுதவும்.

எழுதுவது என்றால் எப்படி? "ஏர் ஷிப்மென்ட் பார்க்கலாம்" என்பது முடிவு இல்லை. "4,000 பீஸ் விமானத்தில் போகிறது. மெர்ச்சண்டைசர் சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் புக்கிங் உறுதி செய்வார்" என்பதுதான் முடிவு. என்ன, யார், எப்போது என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வாரம் அதே பேச்சு திரும்ப வரும். நோட்டில் "பார்க்கலாம்", "முயற்சி செய்யலாம்" என்ற சொற்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், கூட்டத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

நேரம் தீர்ந்தும் முடிவு வரவில்லை என்றால் பேச்சை அப்படியே ஓடவிடாதீர்கள். அந்த இடத்தில் மூன்று வழி உண்டு. முடிவுக்கு உரியவர் அதுவரை கேட்டதை வைத்துச் சொல்லிவிடலாம். கைவசம் வைத்த 15 நிமிடத்தில் ஐந்தை எடுக்கலாம், எடுத்ததை எல்லோர் முன்னாலும் குறிக்க வேண்டும். ஒரே ஒரு தகவல்தான் குறைகிறது என்றால், இரண்டு பேரிடம் விட்டு, "நாளை காலை 11 மணிக்குள் நீங்கள் இருவரும் முதலாளியிடம் பேசி முடித்து எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது இந்தப் பட்டியலில் கிடையாது.

மற்ற இரண்டு விஷயங்களுக்கு 25 நிமிடமும் 20 நிமிடமும். பெரியது முதலில் வரட்டும். 11:05-க்கு ஆரம்பித்தால் 11:40-க்கு அது முடியும், இரண்டாவது 12:05-க்கு, டீக்குப் பிறகு மூன்றாவது 12:35-க்கு. இழுத்தாலும் 12:50-க்கு வாசிப்பு தொடங்கிவிட வேண்டும். கேன்டீன் டீ எங்கே என்று கேட்பீர்கள். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-லேயே இதைக் கிண்டலாக எழுதியிருக்கிறார்: அணு உலைக்குப் பணம் ஒதுக்கக் குழுவுக்கு இரண்டரை நிமிடம் போதும், சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் தெரியும். உங்கள் டீயும் அந்தக் கொட்டகைதான். சுவரில் ஒரு தாளை ஒட்டி, இப்படி நடுவில் முளைப்பதையெல்லாம் அதில் எழுதிவிட்டுத் தொடருங்கள். பிறகு டீயை ஒருவர் தலையில் கட்டிவிடலாம், அதற்கு ஒன்பது பேர் தேவையில்லை.

இனி முதலாளி. கூட்டத்தில் அவர் பேச்சை நிறுத்தச் சொல்லி யாரிடமும் பொறுப்புக் கொடுக்காதீர்கள். அக்கவுண்ட்ஸில் இருக்கும் சின்னப் பெண்ணை நேரம் பார்க்கச் சொன்னால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். ஒரு போனை எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் நிமிர்த்தி வைத்து, முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடிக்க வையுங்கள். மணி அடித்தால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. புதன்கிழமையே தனியாகப் போய், "நாளைக்கு உங்கள் முடிவு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் சார், 11:05-லிருந்து 11:40 வரை மட்டும் போன் வேண்டாம்" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் கேட்டால் தர மாட்டார், 35 நிமிடம் தருவார். பையர் போன் வந்தே தீரும் என்றால் அந்த விஷயத்தை டீக்குப் பின்னால் வையுங்கள்.

ஒன்று மட்டும் இந்த முறைக்கு அடங்காது. ஷேட் மாறியது யார் தப்பு என்ற சண்டையை அஜெண்டாவில் ஏற்றினால் எந்த மணியும் நிறுத்தாது. அதைச் சம்பந்தப்பட்ட இரண்டு பேரைத் தனியாக உட்கார வைத்துத்தான் பேச வேண்டும்.

முதல் வியாழன் எப்படியும் 1:20 ஆகும். பரவாயில்லை. போட்ட நிமிடத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நிமிடத்தையும் எழுதி வையுங்கள். நான்கு வாரம் சேர்ந்ததும் பாருங்கள்: எப்போதும் முதல் விஷயமே 50 நிமிடம் எடுக்கிறது என்றால் உங்கள் கூட்டத்துக்கு மூன்று அதிகம், இரண்டாகக் குறையுங்கள்.