எந்தப் பூங்கா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் முதலாளி பல வருடம் அமெரிக்க பையர்களோடு பழகியவர். அவர் சொல்லச் சொல்ல நான் மெயில் அடிப்பேன். போன வாரம் ஜெர்மனியில் ஒரு புது பையருக்கு இப்படி அனுப்பினோம்: "நேவி கலரில் வி ஆர் ஆன் த பேக் ஃபுட். பால்பார்க் ஒரு வாரம் தள்ளும். பட் வி வில் ஹிட் இட் அவுட் ஆஃப் த பார்க். எனி டவுட்ஸ், ப்ளீஸ் ரிவர்ட்." அங்கிருந்து வந்த பதிலில், எந்தப் பூங்கா என்று கேட்டிருந்தார்கள். இனி இதையெல்லாம் எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிய மாதிரி இருக்கும் என்கிறார் முதலாளி. எதை எடுப்பது, எதை விடுவது?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

அந்த ஜெர்மன்காரர் நல்ல மனிதர். புரியவில்லை என்றதும் கேட்டுவிட்டார். புரியாத சொல்லால் பெரிய கேடு வராது. ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான். புரிந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடந்ததைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாகப் பேசி முடிக்க விரும்பி, அதை 'டேபிள்' செய்யப்போவதாக அமெரிக்கர்களிடம் சொன்னார்கள். பிரிட்டனில் அதற்கு விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இவ்வளவு முக்கியமானதைத் தள்ளிப்போடுவதா என்று அமெரிக்கர்கள் எதிர்க்க, நெடுநேரம் காரசாரமாகச் சண்டை நடந்திருக்கிறது. இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையேதான். 'பன்ட்' என்ற சொல்லும் இந்த வகை. அமெரிக்கக் கால்பந்தில் இனி முன்னேற வழியில்லை என்று பந்தை எதிரணியிடம் உதைத்து அனுப்புவது அது. அதனால் அலுவலகப் பேச்சில் இப்போதைக்கு விட்டுவிடுவது என்றாகும். பிரிட்டனில் பந்தயம் கட்டுவது, துணிந்து இறங்குவது. உங்களுக்கு ஒரு லண்டன் பையரும் ஒரு நியூயார்க் பையரும் இருந்தால் இந்த இரண்டு சொல்லையும் தொடவே வேண்டாம்.

இப்போது உங்கள் மெயில். அதில் இரண்டு 'பார்க்' இருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டும் பேஸ்பால் மைதானம். ஒன்றில் ஏறக்குறைய என்று பொருள், இன்னொன்றில் அமர்க்களமான வெற்றி. 'பேக் ஃபுட்' கிரிக்கெட்டிலிருந்து வந்தது. முதலாளி ஒரே மூச்சில் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார். ஜெர்மனியில் இரண்டையும் பெரிதாக யாரும் ஆடுவதில்லை.

ஆனால் ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் வேலை முடியாது. 'பால்பார்க்'கை எடுத்துவிட்டு 'ஏறக்குறைய ஒரு வாரம்' என்று எழுதிப் பாருங்கள். மொழி சுத்தமாகிவிட்டது, தேதி இன்னும் இல்லை. எந்த நாளிலிருந்து ஒரு வாரம்? துணி வருவதற்கா, சரக்கு புறப்படுவதற்கா? இந்த மாதிரி சொற்கள் பாதிக்கு மேல், நாம் இன்னும் முடிவு செய்யாத ஒன்றை மூடி வைக்கத்தான் பயன்படுகின்றன. 'பேக் ஃபுட்'டும் அப்படித்தான். சாயம் தப்பிவிட்டது என்று சொல்லக் கூசுகிறது, அதனால் ஒரு கால் பின்னால் போகிறது. உங்கள் முதலாளியின் தயக்கம் பள்ளிக்கூட ஆங்கிலத்தைப் பற்றியது மட்டும்தானா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

இந்த மெயிலை நான் எழுதியிருந்தால் சங்கதி இப்படி இருக்கும் (எண்களை நானாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்): "12,000 பீஸில் வெள்ளையும் சாம்பலும் சேர்த்து 8,000 பீஸ் தயார். நேவி 4,000 பீஸுக்கான துணியின் நிறம் நீங்கள் ஒப்புதல் தந்த லேப் டிப்போடு பொருந்தவில்லை. அதற்கு மறுபடி சாயம் போடுகிறோம். துணி ஜூன் 12 வரும். நேவி பீஸ்கள் ஜூன் 14-க்குப் பதில் ஜூன் 20 அன்று ஃபேக்டரியிலிருந்து புறப்படும். 8,000 பீஸை 14-ஆம் தேதியே அனுப்பட்டுமா, எல்லாவற்றையும் சேர்த்து 20-ஆம் தேதி அனுப்பட்டுமா? ஜூன் 10, செவ்வாய், ஜெர்மனி நேரம் மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள்." இதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதினால் எட்டு வரி வரும். பையர் இதைப் படித்துவிட்டு உங்கள் ஆங்கிலத்துக்கு மார்க் போட மாட்டார், அவருடைய கடைக்குச் சரக்கு எப்போது வரும் என்று கணக்குப் போடுவார். 'அவுட் ஆஃப் த பார்க்' எங்கே போனது என்று முதலாளி கேட்பார். அதற்குள் ஒன்றுமே இல்லை, அதனால் அதற்கு மாற்று வரியும் இல்லை.

லேப் டிப், ஜிஎஸ்எம் போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவை தொழிற்சொற்கள், பையருக்கும் அதே பொருள்தான். 'டெட்லைன்', 'பாட்டில்நெக்' எல்லாம் ஒரு காலத்தில் உவமையாக இருந்து தேய்ந்துபோனவை; அவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

எது தேய்ந்தது, எது தேயவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்வது இதுதான்: அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். "பூங்காவுக்கு வெளியே அடிப்போம்" என்று வந்து சிரிப்பு வந்தால் அந்த வரி போகும்.

இந்தச் சோதனையில் தப்பிவிடுகிற ஒரு வகை உண்டு. அது நம்முடைய சொந்தச் சரக்கு. உங்கள் கடைசி வரியைப் பாருங்கள். 'எனி டவுட்ஸ்' தமிழில் அழகாக 'ஏதாவது சந்தேகம் இருந்தால்' என்று வந்து உட்காரும், சிரிப்பே வராது. தமிழில் சந்தேகம் கேட்பதற்கும் ஒருவர் மேல் சந்தேகப்படுவதற்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவது பக்கம் சாய்கிறது. சாயம் தப்பியதைச் சொல்லிவிட்டு, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையென்றால் எழுதுங்கள் என்று முடித்த மாதிரி ஆகிவிடும். 'க்வெஸ்சன்ஸ்' போதும்.

'ரிவர்ட்' விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு ஓர் ஆவணத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தங்கள் செய்து, பார்த்துவிட்டு ரிவர்ட் செய்யுங்கள் என்று எழுதினேன். பதில் போடுங்கள் என்ற பொருளில்தான். அவர்களுக்கு அந்தச் சொல் பழைய நிலைக்குத் திருப்புவது. சொன்னபடியே செய்தார்கள், என் திருத்தம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நன்றி வேறு சொல்லியிருந்தார்கள். 'டூ த நீட்ஃபுல்', 'ப்ரீபோன்', லட்சம், கோடி இவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை, சென்னைக்கோ மும்பைக்கோ தாராளமாக எழுதலாம்.

அப்புறம், அந்த பையரோடு வீடியோ கால் வைத்தால் நேரத்தை எண்ணில் எழுதுங்கள். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை. ஜெர்மனில் அதையே சொல்லுக்குச் சொல் சொன்னால் ஆறரை. 18:30 என்று போட்டு, பக்கத்தில் ஜெர்மனி நேரம் என்று எழுதிவிடுங்கள். கோடையில் அது நமக்கு இரவு பத்து மணி, முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.