வயது வரம்பும் பெட்டிக்கடையும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை தேனி பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். சிறுவனுக்குச் சிகரெட் விற்றார் என்று சென்ற மாதம் அபராதம் விதித்தார்கள். அந்தப் பையன் தன் அப்பாவுக்கு என்றுதான் கேட்டிருக்கிறான். கோடிகளில் புரளும் நிறுவனங்களை விட்டுவிட்டு, மிட்டாயும் வாழைப்பழமும் விற்பவரைப் பிடிப்பதால் யார் புகைக்காமல் இருக்கப்போகிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுவனங்கள் மீது உங்களுக்குள்ள கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பதினான்கு வயதுப் பையன் முதல் சிகரெட்டை நிறுவனத்திடம் போய் வாங்குவதில்லை. பாக்கெட்டாக வாங்க அவனிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. வாங்கினாலும் அதை வீட்டில் ஒளித்து வைக்க முடியாது. அவனுக்குத் தேவை ஒற்றைச் சிகரெட். அதைப் பிரித்துக் கொடுத்து, கயிற்றில் தொங்கும் லைட்டரையும் நீட்டுகிற இடம் பெட்டிக்கடைதான். பாக்கெட்டின் மேலுள்ள எச்சரிக்கைப் படமும் ஒற்றையாக வாங்குபவன் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

கடைகளைக் கண்காணித்தால் பயன் உண்டா என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள உட்ரிட்ஜ் என்ற சிற்றூரைப் பார்க்கலாம். சிறுவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் அங்கே முன்பே இருந்தது. ஆனாலும் சோதனைக்காகச் சிறுவர்களைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தபோது, பத்து முறையில் ஏழு முறை அவர்களுக்குச் சிகரெட் கிடைத்தது. 1989இல் ஊராட்சி புகையிலை விற்பனைக்குத் தனி உரிமம் கொண்டுவந்தது. காவல்துறை முன்னறிவிப்பின்றிச் சிறுவர்களை அனுப்பி அடிக்கடி சோதித்தது. விற்ற கடைக்கு அபராதத்தோடு உரிமமும் சில காலம் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் விற்பனை விகிதம் ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பள்ளி மாணவர்களிடையே புகைத்துப் பார்ப்பதும் வழக்கமாகப் புகைப்பதும் பாதிக்குமேல் குறைந்ததாக 1991இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இது ஒரே ஊரின் கணக்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏனென்றால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஊர்களை ஒப்பிட்டு 1997இல் வெளியான ஆய்வு வேறு கதையைச் சொல்கிறது. அங்கே கண்காணிப்பு நடந்த ஊர்களில் சோதனைக்கு வந்த சிறுவர்களைக் கடைகள் ஐந்தில் நான்கு முறைக்கும் சற்று அதிகமாகத் திருப்பி அனுப்பின. அப்படியிருந்தும், சிகரெட் கிடைப்பது கடினமாகிவிட்டது என்று மாணவர்கள் உணரவில்லை, புகைப்பதும் குறையவில்லை. காரணம் புரியாதது அல்ல. ஊரில் பத்துக் கடைகள் இருந்து எட்டில் மறுத்தாலும், மீதமுள்ள இரண்டு எவை என்பது பள்ளி முழுவதற்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆகவே பெரிய கடைகளை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டுச் சிறியவற்றை இரக்கத்தின் பேரில் விட்டுவிட்டால், செய்த வேலையில் பெரும்பகுதி வீணாகிறது. உங்கள் தந்தையின் கடையைப் போன்ற கடைகள் கணக்கில் வருவது இதனால்தான்.

நம் சட்டத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் விற்பதைத் தடுக்கிறது. அதை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். மறுபுறம், 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ஒன்று கடைக்காரர் பொருட்படுத்தாத தொகை. மற்றொன்று ஒரு பெட்டிக்கடைக்காரர் மீது போட எந்த அதிகாரிக்கும் கை வராத தண்டனை. உட்ரிட்ஜில் வேலை செய்தது இவற்றுக்கு இடைப்பட்டது: திரும்பத் திரும்ப வரும் சோதனை, சில நாள் வியாபாரம் நிற்கும் என்ற பயம். ஆண்டுக்கு ஒருமுறை திடீரென்று வந்து ரசீது கிழித்துவிட்டுப் போவதை நான் கண்காணிப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த அளவில் உங்கள் வருத்தம் நியாயமானதே.

ஆனால் ‘அப்பாவுக்கு’ என்ற பதில் சட்டத்தில் செல்லாது. யாருக்காக வாங்கினாலும், கடையில் நின்று வாங்குபவரின் வயதுதான் கணக்கு. வாங்குபவர் சிறுவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பை விதிகள் விற்பவர் மீதே வைத்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் வயதுச் சான்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. 2011 முதல், சிறுவர் கைக்கு எட்டும்படி புகையிலைப் பொருளை வைப்பதும், பதினெட்டு வயது ஆகாதவரைக் கொண்டு விற்பதும் கூடாது. தந்தை சாப்பிடப் போகும்போது உங்கள் தம்பியோ தங்கையோ கடையில் உட்காருவார்களானால், அதையும் கவனியுங்கள்.

மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலிருந்து சிகரெட்டைப் பின்தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். தெரிந்த வீட்டுப் பையனை மறுக்கும்போது, பழியைப் பலகையின் மேல் போட்டுவிடலாம். அந்தப் பையனின் அப்பா கோபித்துக்கொண்டால், அவரையே கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லட்டும்.